நாளை ஆவணி

எல்லோரும் வந்தாயிற்றா? செல்வி அக்கா, நீங்கள் அந்த ஸ்டூலில் உட்காருங்கள். ஷட்டரைத் தூக்க இன்னும் கால் மணி நேரம் இருக்கிறது, அதற்குள் முடித்துவிடுகிறேன்.

நாளை ஆவணி பிறக்கிறது. ஆடியில் பாத்திரக் கடை ஈயோட்டும் என்பது என் அப்பா காலத்திலிருந்தே தெரிந்த கதை. கல்யாணம் இல்லை, சீர் இல்லை. அண்டாவையும் தவலையையும் யார் கேட்கப் போகிறார்கள்? ஆனால் இந்த வருடம் வைகாசியிலேயே அடி விழுந்துவிட்டது. குழாய் பதிக்க வாசலில் தோண்டிய பள்ளத்தை 7 வாரம் யாரும் மூடவில்லை. தங்கம் ஏறிய ஏற்றத்தில், 21 பாத்திரம் வைக்க நினைத்த வீட்டுக்காரர்கள் 11 போதும் என்றார்கள். செம்பு ஏறியதால் பித்தளையும் ஏறியது. குத்துவிளக்கைத் தராசில் வைத்து விலை சொன்னதும், "வீட்டில் கேட்டுவிட்டு வருகிறோம்" என்று போனவர்கள் எத்தனை பேர் என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு புதன்கிழமை போணியே பகல் இரண்டரை மணிக்குத்தான் ஆனது. அதுவும் ஒரு ஜல்லிக் கரண்டி. அன்றைக்குத்தான் கார்த்தியைத் திட்டினேன், தட்டைக் கீழே போட்டதற்காக. தட்டு நெளியக்கூட இல்லை. என் எரிச்சல் தட்டின் மேல் இல்லை என்பது அவனுக்கும் தெரிந்திருக்கும். தப்பு என்னுடையது, தம்பி.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். ஆடி இரண்டாவது வாரம், ஆளைக் குறைக்கலாமா என்று கணக்கு நோட்டில் உங்கள் 9 பேர் பெயரையும் எழுதி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். செல்வி அக்காவை அனுப்பிவிட்டால் பெண்ணைப் பெற்றவர்களிடம் யார் உட்கார்ந்து பேசுவது? முருகையன் அண்ணனை அனுப்பிவிட்டால் பாத்திரத்தில் பெயர் வெட்டுவது யார்? கடைசிப் பெயர் வரை வந்தும் பேனா ஒன்றையும் அடிக்கவில்லை. அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். இனி அந்தப் பேச்சு இல்லை.

வியாபாரம் இல்லாத நாளில் நீங்கள் சும்மா இருக்கவில்லை. நாச்சியார்கோவில் விளக்குகள் அத்தனையையும் அடித்தண்டு, தகளி, அன்னம் என்று தனித்தனியாகக் கழற்றிப் புளி போட்டுத் தேய்த்து, திரும்ப மாட்டி வைத்திருக்கிறீர்கள். நேற்று மாலை அந்த அலமாரியின் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். சரக்கு புதிதாக வந்த அன்றுகூட இப்படி மின்னியதில்லை. பரணில் நாம் மறந்தே போன 14 டிபன் கேரியரைக் கண்டுபிடித்ததும் நீங்கள்தான். மறந்தது நான், அது வேறு விஷயம்.

செல்வி அக்கா செய்ததை எல்லோருக்கும் சொல்ல வேண்டும். பதினெட்டாம் பெருக்குக்கு மறுநாள் ஒரு பாட்டி வந்தார், ஓட்டை விழுந்த பித்தளைச் சொம்பைக் கையில் வைத்துக்கொண்டு. பழைய பித்தளை விலைக்குப் போடத்தான் வந்திருந்தார். தராசில் வைக்கப் போன அக்கா, அடியில் வெட்டியிருந்த பெயரைப் பார்த்துவிட்டு, "இது யார் பெயர் அம்மா?" என்று கேட்டார். பாட்டியின் அம்மா பெயர். "இதைப் போடாதீர்கள், ஓட்டையைப் பற்றவைத்து ஈயம் பூசித் தருகிறோம்" என்று அக்கா சொன்னபோது கல்லாவில் இருந்த எனக்குக் கொஞ்சம் கோபம்தான் வந்தது. நமக்கு அதில் என்ன லாபம்? போன வாரம் அந்தப் பாட்டி மகனோடும் பேத்தியோடும் வந்தார். ஆவணியில் பேத்திக்குக் கல்யாணம். குத்துவிளக்கு ஜோடி, பன்னீர்ச் செம்பு, தாம்பாளம், குடம் என்று 32 உருப்படி எழுதிக் கொடுத்து முன்பணமும் கட்டிவிட்டுப் போனார்கள்.

எல்லாச் சொம்பும் இப்படி ஆர்டராகத் திரும்பி வராது. எனக்கும் தெரியும். இருந்தாலும் விலை கேட்டுவிட்டு வெறுங்கையோடு போகிறவர்களை முகம் சுளிக்காமல் அனுப்புங்கள்.

பணத்தைப் பற்றியும் பேசிவிடுகிறேன். ஆடிச் சம்பளத்தில் நிறுத்திவைத்த பாதி, வருகிற 5ஆம் தேதி உங்கள் கையில் இருக்கும். தீபாவளி போனஸ் போன வருடத்து அளவில் கட்டாயம் உண்டு. அதற்கு மேல் தருவேன் என்று இப்போது சொல்ல முடியாது. ஆவணிக்குப் பிறகு புரட்டாசி ஒன்று இருக்கிறதே. ஐப்பசி எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுச் சொல்கிறேன்.

முருகையன் அண்ணே, அந்த 32 உருப்படியிலும் இன்றைக்கே பெயர் வெட்ட ஆரம்பித்துவிடுங்கள். பேத்தியின் பெயர் தாரணி. துணைக்கால் உண்டு. போன தையில் துணைக்கால் விட்டுப்போய் "தரணி" ஆன குடத்தில்தான் நான் இன்னும் வீட்டில் தண்ணீர் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.