அறுபது நிறையும் அம்மையாருக்குப் பிறந்தநாள் வாழ்த்து

ஜார்ஜ்டவுன், பினாங்கு
13 செப்டம்பர் 2025, சனிக்கிழமை

மதிப்பிற்குரிய கமலா அம்மையார் அவர்களுக்கு,

வணக்கம். வரும் செவ்வாய்க்கிழமை, செப்டம்பர் 16ஆம் நாள், தாங்கள் அறுபது வயதை நிறைவு செய்கிறீர்கள் என்று தங்கள் கடையின் லாரி ஓட்டுநர் வழியாக அறிந்து, நானும் என் மனைவியும் மசாலா மில்லில் வேலை செய்யும் ஐவரும் பெரிதும் மகிழ்ந்தோம். தங்களுக்கு எங்கள் அனைவரின் மனமார்ந்த பிறந்தநாள் வாழ்த்துகள். தாங்கள் பிறந்த விசுவாவசு ஆண்டே சுற்றி வந்து மறுபடியும் நடக்கும் வேளையில் இந்த நாள் அமைந்திருப்பது கூடுதல் சிறப்பு. மலேசிய தினம் என்பதால் அன்று நாடே விடுமுறையில் இருக்கும், மில்லும் மூடியிருக்கும். ஆகவேதான் இந்த மடலை இன்றைய சரக்கோடு முன்கூட்டியே அனுப்புகிறேன். நாள் வருமுன் வாழ்த்துவதைப் பெரியவர்கள் சிலர் விரும்பமாட்டார்கள். தாங்கள் செவ்வாய்க்கிழமை காலையில் உறையைப் பிரித்தால் அந்தக் குறையும் இராது.

எழுத்தில் 'அம்மையார்' என்று தொடங்கிவிட்டாலும், மில்லில் தங்களை ஊர்ப் பெயரைச் சேர்த்து 'பிறை அக்கா' என்றுதான் எல்லோரும் குறிப்பிடுகிறோம். தாங்கள் சொல்லிக் கொடுத்த அளவில், வெந்தயத்தைத் தனியே இளம் சூட்டில் வறுத்து, சோம்பு ஒரு கைப்பிடி கூட்டி அரைக்கும் மீன் கறித்தூளுக்கு எங்கள் பையன்கள் வைத்திருக்கும் பெயரே 'பிறை அக்கா தூள்'. அரைக்கும் சீட்டிலும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தங்களைக் கேட்காமல் வைத்த பெயர் என்பதால், இந்த நல்ல நாளில் அதற்கு அனுமதியும் கேட்டுக்கொள்கிறேன்.

வாழ்த்து மடலைச் சுருக்கமாக எழுதவேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் தங்களிடம் இத்தனை ஆண்டுகளாகச் சொல்லாமல் வைத்திருந்த ஒரு நன்றி இருக்கிறது. அதைச் சொல்ல இதைவிட நல்ல நாள் எனக்கு வாய்க்காது.

2011ஆம் ஆண்டு தீபாவளிக்குப் பத்து நாள் முன்பு நடந்தது தங்களுக்கு நினைவிருக்குமோ என்னவோ, எனக்கு நேற்று நடந்ததுபோல் இருக்கிறது. அப்பா மில்லை என்னிடம் ஒப்படைத்த முதல் ஆண்டு அது. ஆர்டர்கள் குவிந்திருந்தன. இரவு முழுவதும் மிளகாயும் மல்லியும் அரைத்து, மில்லிலிருந்து விழுந்த தூளைச் சூடு ஆறவிடாமல் அப்படியே பிளாஸ்டிக் பைகளில் கட்டி, விடிந்ததும் லாரியில் ஏற்றிவிட்டேன். மில் கல்லிலிருந்து வரும் தூள் கையில் அள்ளமுடியாத சூட்டில் இருக்கும். அதை மூடிக் கட்டினால் உள்ளே ஆவி வியர்த்து, தூள் கட்டிபிடித்து, வாசனை செத்துவிடும் என்பது எனக்குத் தெரியாததல்ல. அவசரத்தில் தெரிந்தே செய்த பிழை.

இரண்டு நாள் கழித்துத் தாங்கள் ஃபெரி ஏறி நேரில் வந்தீர்கள். கடை முன்னால் ஏழெட்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். தாங்கள் பையைத் திறக்கவில்லை. ஒரு வார்த்தை பேசவும் இல்லை. மூலையில் இருந்த மர முக்காலியில் அமர்ந்து, கடைசி ஆள் போகும்வரை காத்திருந்தீர்கள். பிறகு பையிலிருந்து ஒரு கட்டியை எடுத்து என் உள்ளங்கையில் வைத்து, "தம்பி, இது ராத்திரியில அரைச்சதா?" என்று மட்டும் கேட்டீர்கள். நான் தலையசைத்தேன். "அப்பா இருந்தா விடிய விடிய ஆறவச்சிருப்பார்" என்று சொல்லிவிட்டு, புதிய சரக்குக்கு அதே அளவு ஆர்டரும் கொடுத்துவிட்டுப் போனீர்கள். அந்தத் தீபாவளிக்குத் தாங்கள் வேறு மில்லுக்குப் போயிருந்தாலும் எவரும் தவறு சொல்லியிருக்கமாட்டார்கள். என் தவறை நாலு பேர் முன்னிலையில் சொல்லியிருந்தால், தொழிலுக்குப் புதியவனான நான் அதிலிருந்து எழுந்திருப்பேனா என்று இன்றும் எனக்கு ஐயம்தான்.

அன்று தொடங்கிய வழக்கம் இன்றும் மாறவில்லை. அரைத்த தூளை எவர்சில்வர் தட்டங்களில் விரல் கனத்துக்குப் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் வைத்து, தட்டத்தின் விளிம்பில் எடுத்த நேரத்தைச் சாக்குக்கட்டியால் எழுதிவிடுகிறோம். தட்டத்தின் அடிப்பக்கத்தைப் புறங்கையால் தொட்டுப் பார்த்து, குளிர்ந்திருந்தால் மட்டுமே பை கட்டுவது. புதிதாக வேலைக்குச் சேரும் ஒவ்வொருவருக்கும் முதல் நாள் பாடம் இதுதான். யார் கற்றுக் கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

2020 மார்ச் 18இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது தாங்கள் செய்ததையும் இங்கே குறிப்பிடாமல் விடமுடியாது. கடையில் உட்கார்ந்து சாப்பிட அனுமதியில்லை, பொட்டலம் மட்டும்தான் என்ற நிலையில், வாழையிலைச் சாப்பாட்டையே நம்பியிருந்த தங்கள் கடைக்கு எவ்வளவு அடி விழுந்திருக்கும் என்பதை நான் அறிவேன். வாரம் நாற்பது கிலோ வாங்கிய தாங்கள், "அஞ்சு கிலோவாவது அனுப்புங்க தம்பி, மில்லு ஓடட்டும்" என்று தொலைபேசியில் சொன்னீர்கள். பழைய பாக்கியையும் கேட்காமலே தீர்த்தீர்கள். அந்த மாதம் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தது அந்தப் பணத்தில்தான்.

இதற்குமேல் பழங்கதை பேசினால் தாங்கள் கூச்சப்படுவீர்கள். பிறந்தநாள் தோறும் தங்கள் கடையில் அன்று சாப்பிட வருகிற ஒவ்வோர் இலைக்கும் பாயசம் வைப்பது வழக்கம் என்று ஓட்டுநர் சொன்னார். இவ்வாண்டு மணிவிழா என்பதால் கூட்டம் இரண்டு மடங்காக இருக்கும். நானும் மனைவியும் பிள்ளைகளும் மதியம் ஒரு மணிக்குமேல் வந்து, பந்தியில் கடைசியாக உட்கார்ந்து, தங்களிடம் ஆசி பெற்றுத் திரும்ப எண்ணியிருக்கிறோம். எங்களுக்கென்று தனி ஏற்பாடு எதுவும் வேண்டாம்.

வாழ்த்து மடலில் வியாபாரம் பேசக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. எனவே விலை, பட்டியல் எதுவும் இதில் இல்லை. தாங்கள் நல்ல உடல்நலத்தோடும், மக்கள் பேரப்பிள்ளைகளின் அன்போடும், அடுப்படிக்குள் ஒருநாளும் குறையாத அந்தக் கம்பீரக் குரலோடும் நெடுங்காலம் வாழவேண்டும் என்று தண்ணீர்மலை முருகனை வேண்டுகிறோம்.

இத்துடன் வரும் எவர்சில்வர் தூக்கு தங்களுடையதுதான். சென்ற தீபாவளிக்கு முறுக்கும் அதிரசமும் வைத்துக் கொடுத்தனுப்பினீர்கள். பலகாரம் வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக்கூடாது என்று என் மனைவி இத்தனை மாதம் வைத்திருந்தாள். அதில் இரண்டு கிலோ பிறை அக்கா தூள் இருக்கிறது. வியாழக்கிழமை அரைத்து, ஓர் இரவு முழுக்க ஆறவைத்தது. பில்லில் இதைத் தேடவேண்டாம்.

பணிவன்புடன்,
செல்வராஜு
மில் குடும்பத்தார் அனைவரின் சார்பாக