மாரியம்மன் திருவிழா மலர் வணக்கம்: எட்டு ஆவர்த்தன ஆடற்குறிப்பு

சுங்கை சிப்புட் கோயில் திடலில் ஆடும் நான்கு மாணவியருக்கும், நட்டுவாங்கம் செய்பவருக்கும், உடுப்பு கட்டிவிடும் அம்மாக்களுக்கும்.

தாளம் ஆதி. சதுஸ்ர நடை. நிமிடத்துக்கு 60 எண்ணிக்கை, அதாவது ஒரு எண்ணிக்கைக்கு ஒரு வினாடி. எட்டு ஆவர்த்தனம் 64 வினாடியில் முடிந்துவிடும். நட்டுவாங்கம் இதைவிட வேகமாகப் போகக் கூடாது. காலும் கையும் வேகத்தைத் தாங்கும், பாவாடை தாங்காது. உடம்பு நின்ற பிறகும் துணி கால்வாசி வட்டம் தன் போக்கில் ஓடி, திரும்பி வந்து, அதன் பிறகுதான் தொங்கும். அதற்கு ஏறக்குறைய ஒரு வினாடி ஆகும். இந்தக் குறிப்பு முழுவதும் அந்த ஒரு வினாடியைக் கணக்கில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கிறது.

நிற்கும் இடம்

நால்வரும் சாய்சதுரமாக நிற்கிறீர்கள்: முன்னவர், வலத்தவர், இடத்தவர், பின்னவர். வலம், இடம் என்பது சன்னதியைப் பார்த்து நிற்கும் உங்கள் வலமும் இடமும். பார்ப்பவர்களுடையது அல்ல. வலத்தவருக்கும் இடத்தவருக்கும் நடுவே 3.6 மீட்டர். முன்னவருக்கும் பின்னவருக்கும் நடுவே 2.8 மீட்டர். உங்களில் உயரமானவருக்குக் கை நீட்டினால் உடலின் நடுவிலிருந்து விரல் நுனி வரை 75 செ.மீ. வரும். நேர் முன்னாலிருந்து பார்க்கும்போது முன்னவர் கையும் பக்கத்தவர் கையும் நீண்டால் நடுவே 30 செ.மீ. வெளிச்சம் தெரியும். இடைவெளியைக் குறைத்தால் யாரும் யாரையும் தொடமாட்டீர்கள்தான். ஆனாலும் கீழே உட்கார்ந்திருப்பவர் கண்ணுக்கு ஒருவர் தோளில் இன்னொருவர் கை முளைத்தது போலத் தெரியும். மேடைப் பலகையில் நான்கு சுண்ணாம்புப் புள்ளி போட்டுவிடுங்கள். மழை பெய்து பலகை ஈரமானால் சுண்ணாம்பு அழியும், அன்றைக்கு வெள்ளை டேப்.

கட்டும் முன்

இந்த உருப்படிக்கு விசிறி மடிப்பு உடுப்பு வேண்டாம். முழு வட்டப் பாவாடை, உள்ளே அதே நிறத்தில் பைஜாமா. இடுப்பு 60 செ.மீ., நீளம் 80 செ.மீ. என்றால் கீழ் ஓரம் சுற்றளவில் ஐந்தரை மீட்டருக்குச் சற்று மேல் வரும். ஓரம் கணுக்கால் எலும்புக்கு நாலு விரல் மேலே நிற்கட்டும். அதற்குக் கீழே இறங்கினால் சலங்கை மணியின் வாய் ஓரத்து நூலைக் கவ்வும். ஓரத்தில் லேஸ் தைக்காதீர்கள். மணிக்கு லேஸைவிடப் பிடித்த இரை கிடையாது. பட்டுக் கரையை மடித்து ஓட்டித் தைத்தால் போதும், அதன் கனமே துணியைச் சீக்கிரம் கீழே இறக்கும்.

தாவணி முந்தானையை இடது தோளில் ஒன்று, இடுப்பில் ஒன்று என இரண்டு ஊக்கு போட்டு அடக்குங்கள். ஜடையை ஒட்டியாணத்துக்கு மேலே, முதுகில் ஒரு ஊக்கில் பிடித்துவிட வேண்டும். குஞ்சலம் சுற்றும்போது பாவாடையோடு சேர்ந்து சுற்றாது, பின்தங்கி வந்து மணிக்கட்டில் அடிக்கும். கை சிக்குகிறது என்று பிள்ளைகள் சொல்லும்போது பாதி நேரம் காரணம் இதுதான். வளையல் கைக்கு ஆறுக்கு மேல் வேண்டாம்.

ஆவர்த்தனம் 1

அரைமண்டி. கை இரண்டும் இடுப்பில், முழங்கை பின்னால் போகாமல் பக்கவாட்டில். தட்டடவு: வலம், இடம், வலம், இடம் என எட்டுத் தட்டு. பாதம் முழுதும் பலகையில் விழ வேண்டும். குதிகால் மட்டும் விழுந்தால் சத்தம் வரும், லயம் வராது. பலகை மேடை உள்ளே வெற்றிடம் என்பதால் மெல்லத் தட்டினாலே முழங்கும். அதற்குப் பயந்து பாதி பாதத்தில் தட்டாதீர்கள்.

ஆவர்த்தனம் 2

நாட்டடவு, தைய்யும் தத்த தைய்யும் தா. முதல் நான்கு எண்ணிக்கை வலம், அடுத்த நான்கு இடம். வலது கால் பக்கவாட்டில் நீண்டு குதிகால் ஊன்றும்போது வலது கை பதாகமாக அதே திசையில் நீளும். இடது கை மார்புக்கு நேரே கடகாமுகம், உடம்பிலிருந்து ஒரு சாண் தள்ளி. கால் நீளும் கோணமும் கை நீளும் கோணமும் ஒன்றாக இருக்க வேண்டும். கை முன்னால் சரிந்தால் தோள் கோணும், தோள் கோணினால் இடுப்பு பின்னால் போகும். பாவாடை ஓரத்தைப் பார்த்தாலே இது தெரிந்துவிடும்: ஒரு பக்கம் ஏறி நிற்கும்.

ஆவர்த்தனம் 3, 4

தட்டிமெட்டு, தகதிமி. கால் அரைமண்டியை விட்டு எழாமல் வேலை செய்கிறது, கை கதை சொல்கிறது. மூன்றாவதில் எண்ணிக்கை 1, 2: வலது கை கடகாமுகமாக வலப்பக்கம் மேலே போய்ப் பூப் பறிக்கிறது, கண் கையோடு போகிறது. 3, 4: பறித்த கை மார்புக்கு வருகிறது. 5 முதல் 8 வரை அதுவே இடப்பக்கம். நான்காவதில் 1 முதல் 4 வரை இரு கையும் அலபத்மமாக, தொப்புள் உயரத்திலிருந்து நெற்றி உயரம் வரை, சுண்டு விரலில் தொடங்கி ஒவ்வொரு விரலாக விரிந்தபடி ஏறும். தாமரை மலர்வது இங்கேதான். மூன்றாம் எண்ணிக்கைக்குள் விரல் எல்லாம் விரிந்துவிட்டால் நாலாவதில் செய்ய ஒன்றும் இருக்காது, அவசரப்பட வேண்டாம். 5 முதல் 8 வரை புஷ்பபுடம், இரு உள்ளங்கையும் சேர்ந்து குழியாக, சன்னதி நோக்கி நீட்டி அர்ப்பணம்.

அர்ப்பணத்தின்போது விரல் நுனி முழங்காலைத் தாண்டிக் கீழே போகக் கூடாது. குனிந்தால் மேலே இருக்கும் துணி முன்னால் தொங்கிப் பெருவிரலுக்கு அடியில் மாட்டும். அடுத்த ஆவர்த்தனம் சுற்று என்பதால் அது மிதிபட்டபடியே சுற்றினால் விழுவீர்கள்.

ஆவர்த்தனம் 5, 6: சுற்று

கவனமாகப் படியுங்கள், நான்கு எண்ணிக்கைக்கு ஒரு சுற்று.

எண்ணிக்கை 1: அரைமண்டியிலிருந்து முழுதாக நிமிர்ந்து, வலது பாதத்தை இடது பாதத்துக்கு முன்னால் குறுக்கே வையுங்கள். இரண்டு பாதத்துக்கும் நடுவே நாலு விரல், அதற்கு மேல் இல்லை. அகலமாகக் குறுக்கே வைத்தால் பாவாடை தொடையைச் சுற்றி இறுகும். அதே நேரம் இரு கையும் மார்புக்கு வந்து கடகாமுகம் ஆகும். கை உள்ளே வராமல் சுற்று தொடங்கக் கூடாது.

எண்ணிக்கை 2: இரு குதிகாலும் எழ, முன்பாதத்தில் இடப்பக்கமாக ஒரு முழுச் சுற்று. வலது கை தலைக்கு மேலே அலபத்மம், காதுக்கு நேராக. இடது கை மார்பிலேயே நிற்கிறது. இந்த இடது கையைத்தான் எல்லாரும் மறக்கிறீர்கள். மேலே போகும் கையையே நினைத்துக்கொண்டிருந்தால் இடது கை இடுப்புக்கு இறங்கிவிடும், எழும் பாவாடை வளையலில் ஏறிக்கொள்ளும். முழங்கையைத் தோள் உயரத்துக்கு இரண்டு விரல் கீழே பிடித்துக்கொண்டால் கை தானாக இறங்காது. கண் கோயில் கோபுர விளக்கைப் பிடித்திருக்கட்டும். தலை கடைசியாகத் திரும்பி முதலாவதாக விளக்குக்கு வந்து சேர வேண்டும்.

எண்ணிக்கை 3: குதிகால் இரண்டும் இறங்கும். இடது பாதம் சற்று முன்னால் நிற்கும், அதைச் சேர்த்துச் சமபாதம் ஆக்குங்கள். வலது கை மார்புக்கு வரட்டும். அரைமண்டி கூடாது. பாவாடை இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. இந்த நேரத்தில் முட்டியை விரித்து உட்கார்ந்தால் ஓடும் துணி ஒரு முட்டியைச் சுற்றி மறுமுட்டியில் மாட்டிக்கொள்ளும், அடுத்த தட்டு உங்கள் பாவாடை மேல்தான் விழும்.

எண்ணிக்கை 4: துணி திரும்பி வந்து தொங்கிவிட்டது. இப்போது அரைமண்டி, கை இரண்டும் பக்கவாட்டில் பதாகமாக விரிகிறது.

5 முதல் 8 வரை அதுவே மறுபக்கம்: இடது பாதம் வலதின் முன்னால், சுற்று வலப்பக்கம், மேலே போவது இடது கை. திசையை மாற்றுவது தலைசுற்றலுக்காக மட்டும் இல்லை. ஒரே பக்கம் இரண்டு முறை சுற்றினால் இடுப்பு நாடா முறுக்கேறி, பாவாடையின் தையல் பக்கத்திலிருந்து முன்னுக்கு வந்துவிடும். ஆறாவது ஆவர்த்தனம் ஐந்தாவதைப் போலவே, ஒரே ஒரு மாற்றம்: முதல் நான்கில் முன்னவரும் பின்னவரும் மட்டும் சுற்றுவார்கள், வலத்தவரும் இடத்தவரும் தட்டடவில் தாளம் காப்பார்கள். அடுத்த நான்கில் முறை மாற்றிச் செய்யுங்கள். நான்கு பாவாடையும் ஒரே நேரத்தில் எழுவது அழகு. இரண்டு எழுந்து இரண்டு அடங்கியிருப்பது அதைவிட அழகு.

ஆவர்த்தனம் 7: இடம் மாற்றம்

முன்னவரும் பின்னவரும் இடம் மாறுகிறார்கள். பக்கத்தவர் இருவரும் அரைமண்டியில், கை இடுப்பில், எட்டுத் தட்டு.

முன்னவர் எண்ணிக்கை 1இல் அரைச் சுற்றாகத் திரும்பிவிட வேண்டும். பின்னோக்கி நடந்து போகவே கூடாது, பாவாடையின் பின் ஓரம் குதிகாலுக்கு அடியில் வரும். 2 முதல் 7 வரை ஆறு காலடி, ஒரு காலடி 45 முதல் 50 செ.மீ. 8இல் மறுபடி சன்னதி நோக்கி அரைச் சுற்று. பின்னவர் 1இலும் 8இலும் நின்ற இடத்தில் தட்டி, 2 முதல் 7 வரை அதே ஆறு காலடி முன்னே வருகிறார். நடுவில் வலது தோளும் வலது தோளும் எதிரெதிராகக் கடக்கும். அதற்கு ஒவ்வொருவரும் தன் இடப்பக்கம் ஒரு முழ அளவு ஒதுங்க வேண்டும். கை இரண்டும் மார்பில் கடகாமுகமாகவே இருக்கட்டும். கடக்கும்போது கண்ணைப் பார்த்துக்கொள்ளுங்கள், பாதத்தைப் பார்த்தால் இருவரும் ஒரே பக்கம் ஒதுங்குவீர்கள்.

ஆவர்த்தனம் 8: தீர்மானம்

32 மாத்திரை. தகதிமி தகஜனு எட்டு. பிறகு ததிங்கிணதொம் ஐந்தும் கார்வை மூன்றுமாக எட்டு, அது மூன்று முறை. தொம் எப்போதும் 4, 6, 8ஆம் எண்ணிக்கையின் தலையில் விழும்.

தகதிமி தகஜனுவுக்கு நின்ற இடத்தில் எட்டுத் தட்டு. முதல் ததிங்கிணதொம் வலப்பக்கம் கால்வாசி வட்டம் திரும்பி, வலது கை நீண்டு. இரண்டாவது மையத்தைத் தாண்டி இடப்பக்கம், இடது கை நீண்டு. மூன்றாவதில் கை உள்ளே வந்து, ததிங்கிண நான்கு மாத்திரைக்குள் ஒரு முழுச் சுற்று முடித்து, சன்னதி நோக்கித் தொம்மில் சமபாதம். அதன் பின் வரும் மூன்று மாத்திரைக் கார்வையில் யாரும் அசையக் கூடாது. மிருதங்கமும் அமைதி, நட்டுவாங்கமும் அமைதி. பாவாடை மட்டும் ஓடி அடங்குகிறது. அந்த அமைதியில் சலங்கை ஒரு மணி ஒலித்தாலும் கடைசி வரிசை வரை கேட்கும்.

அடுத்த சமத்தில் நால்வரும் அஞ்சலி, கை மார்புக்கு நேரே. மேளம் தொடங்கும் வரை இறக்காதீர்கள்.