“ஆறு வாரம்” கைச்சோப்பு: 30 நொடி விளம்பரப் படத்தின் வசனப் பிரதி (மூன்றாம் திருத்தம்)

பொருள்: தேங்காய் எண்ணெய்ச் சோப்பு, வெட்டிவேர் மணம், 100 கிராம், விலை 90 ரூபாய்
இடம்: காங்கேயம், வீட்டுக்குப் பின்புறச் சோப்புக் கொட்டகையும் தண்ணீர்த் தொட்டியும்
நீளம்: 30 நொடி (நொடிக்கு 25 சட்டகம், மொத்தம் 750)
வெளியீடு: உள்ளூர் கேபிள், கைப்பேசி
நடிப்பவர்கள்: அக்கா (சோப்புச் செய்பவர், 38), அத்தை (அவருடைய மாமியார், 70), பேத்தி (7)

அக்காவுக்கும் ஒளிப்பதிவாளருக்கும் சேர்த்து ஒரு வார்த்தை. முந்தைய இரண்டு பிரதிகளிலும் எண்ணெய், மணம், நுரை, பாரம்பரியம், விலை என்று ஐந்து சங்கதிகளைத் திணித்திருந்தேன். இதில் சொல்வது ஒன்றே ஒன்று: இந்தச் சோப்பு ஆறு வாரம் காய்ந்த பிறகே கைக்கு வரும். பெயரே அதுதான் என்றால் படமும் அதுவாகத்தானே இருக்க வேண்டும்?

காட்சி 1. கொட்டகை, பகல் (0:00 – 0:04)

மிக அருகில். மரச் சட்டத்தாலான அச்சுக்குள் சோப்புக் கலவை இறங்குகிறது. மோர்க்குழம்பின் பதம், இளம் வெண்ணெய் நிறம். ஊற்றிய வழி ஒரு கணம் மேடாக நின்று, பிறகு மெல்ல அடங்குகிறது. கையுறை அணிந்த கை அச்சை இரண்டு முறை மேசையில் தட்டுகிறது.

ஒலி: ஊற்றும் ஓசை. தட்டும் ஓசை. தொலைவில் செக்கு ஓடும் முனகல். இசை இல்லை.

காட்சி 2. அதே இடம், மறுநாள் (0:04 – 0:09)

கம்பி சோப்புக் கட்டியை அறுத்து இறங்குகிறது. துண்டு பக்கவாட்டில் சாய்கிறது. அக்கா சுவரில் தொங்கும் தேதிக் காலண்டரில் மேல் தாளைக் கிழிக்கிறார். ஜூன் 1, ஞாயிறு, சிவப்புத் தாள். துண்டுகளை அடுக்கிய மரத்தட்டின் ஓரத்தில் அதைச் செருகுகிறார். வாசற்படிக்கு வெளியே அத்தை, கையில் செம்பு, தோளில் துண்டு.

அத்தை: ஆகிவிட்டதா கண்ணு?

அக்கா (திரும்பாமல்): இன்னும் இல்லைங்க அத்தை.

காட்சி 3. அதே இடம் (0:09 – 0:12)

சுவரில் ஜூன் 15. அலமாரியில் தட்டுகள் கூடியிருக்கின்றன. ஜன்னல் கம்பிகளுக்கிடையே அத்தையின் முகம். அதே செம்பு, அதே துண்டு.

அத்தை: ஆகிவிட்டதா?

அக்கா தலையை மட்டும் அசைக்கிறார். சோப்புத் துண்டுகளை ஒவ்வொன்றாகப் புரட்டி வைத்துக்கொண்டே இருக்கிறார்.

காட்சி 4. அதே இடம் (0:12 – 0:15)

ஜூன் 29. ஜன்னலில் யாரும் இல்லை. செம்பைப் படிக்கட்டில் வேண்டுமென்றே அழுத்தி வைக்கும் ஓசை மட்டும் கேட்கிறது.

அக்கா (சிரிப்பை அடக்கி, வாசலைப் பார்த்து): இன்னும் பதினான்கு நாள்!

காட்சி 5. கொட்டகை, பிறகு தண்ணீர்த் தொட்டி (0:15 – 0:21)

ஜூலை 13. தராசில் ஒரு சோப்பு. எண் 100இல் நிற்கிறது. அக்கா இரண்டு சோப்புகளை ஒன்றோடொன்று தட்டுகிறார்: “டக்”. கூழாங்கல்லின் ஓசை. தட்டின் ஓரத்தில் வெளிறிப்போன ஜூன் 1.

வெட்டு. சோப்பு அக்காவின் கையிலிருந்து அத்தையின் கைக்குப் போகிறது. செம்பிலிருந்து தண்ணீர். சுருக்கம் விழுந்த இரண்டு உள்ளங்கைகளுக்கு நடுவே நுரை எழுகிறது. இந்த ஒரு துண்டுப் படத்துக்கு முழுதாக இரண்டு நொடி. அத்தை கையை முகர்கிறார். ஒன்றும் சொல்லவில்லை.

காட்சி 6. கொட்டகை (0:21 – 0:25)

புதிய தட்டு, ஓரத்தில் புதிய தாள். பேத்தியின் கை சோப்பை நோக்கி நீள்கிறது. நடுவே அத்தையின் கை வந்து மறிக்கிறது.

பேத்தி: ஆகிவிட்டதா பாட்டி?

அத்தை (அக்காவின் அதே குரலில், திரும்பாமல்): இன்னும் இல்லை.

பின்னணியில் அக்கா திரும்பிப் பார்க்கிறார்.

காட்சி 7. நிறைவு அட்டை (0:25 – 0:30)

மரப்பலகையின் மேல் உறையிட்ட ஒரு சோப்பு. எழுத்துகள்: ஆறு வாரம். தேங்காய் எண்ணெய், விளக்கெண்ணெய், வெட்டிவேர். 100 கிராம், 90 ரூபாய். காங்கேயம். வலது மூலையில் கியூஆர் சதுரம், ஐந்து நொடியும் அசையாமல்.

அக்காவின் குரல்: நாற்பத்திரண்டு நாள் காய்ந்து கைக்கு வருகிறது. ஆறு வாரம். காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு.

ஒலி: கடைசியாக ஒரு முறை “டக்”.

(படம் முடிகிறது.)

படப்பிடிப்புக்கான குறிப்புகள்

வசனத்தை எழுத்து நடையில் கொடுத்திருக்கிறேன். அத்தை வீட்டில் எப்படிக் கேட்பாரோ அப்படியே கேட்கட்டும். மனப்பாடம் செய்யச் சொன்னால் முகம் இறுகிவிடும். “சோப்பு ஆகிவிட்டதா என்று கேளுங்கள்” என்றால் போதும். ஆனால் காட்சி 2இல் அக்கா சொல்லும் பதிலும் காட்சி 6இல் அத்தை சொல்லும் பதிலும் ஒரே ராகத்தில் இருக்க வேண்டும். சிரிப்பு வருவதே அந்த ராகத்தால்தான். அதற்காக அக்காவின் பதிலை முதலில் எடுத்து, அத்தைக்குப் போட்டுக் காட்டிவிட்டு, பிறகு காட்சி 6 எடுப்போம்.

ஆறு வாரத்தையும் ஒரே நாளில் எடுக்கிறோம். அலமாரியில் ஏற்கெனவே வெவ்வேறு வயதுத் தட்டுகள் இருப்பதால் அது சுலபம். காட்சி 3க்கு இரண்டு வாரத் தட்டு, காட்சி 4க்கு நான்கு வாரத் தட்டு என்று உண்மையானதையே வைக்கலாம். “டக்” ஓசைக்கு மட்டும் ஆறு வாரம் தாண்டிய சோப்பு கட்டாயம். புதிதாக அறுத்ததைத் தட்டினால் மாவுருண்டை போல மந்தமாகத்தான் கேட்கும். அன்றைக்கு அக்கா இரண்டையும் என் காதருகே தட்டிக் காட்டிய பிறகுதான் இந்தப் பிரதியே எனக்குப் பிடிபட்டது. ஒலியைத் தனி மைக்கில், செக்கை நிறுத்தச் சொல்லிவிட்டு எடுக்க வேண்டும்.

தராசைப் பற்றி. அக்காவின் குறிப்பேட்டில் அறுத்த அன்று 112 கிராம், ஆறு வாரம் கழித்து 100 என்று இருக்கிறது. தண்ணீர் போய்ச் சோப்பு இறுகிய கணக்கு அது. 112ஐயும் காட்டலாமா என்று யோசித்தேன். பார்ப்பவர் “பன்னிரண்டு கிராம் எங்கே போயிற்று?” என்று கணக்குப் போட ஆரம்பித்தால் அத்தையைக் கவனிக்க மாட்டார். அதனால் 100 மட்டும்.

காலண்டருக்கு ஜூன் 1 ஞாயிறாக வரும் 2025 அட்டையை எடுத்துக்கொள்வோம். 42 நாள் என்பது ஆறு முழு வாரம். ஆகவே 1, 15, 29, பிறகு ஜூலை 13, நான்குமே ஞாயிறு, நான்குமே சிவப்புத் தாள். தூரத்திலிருந்தே கண்ணில் படும். அட்டையில் அச்சிட்ட கடையின் பெயரை மட்டும் ஒரு மஞ்சள் பையைத் தொங்கவிட்டு மறைத்துவிடுங்கள். நம் காசில் அவர்களுக்கு விளம்பரம் எதற்கு? தாள்கள் காற்றில் பறக்கும் பழைய உத்தி வேண்டவே வேண்டாம்.

காட்சி 1 எடுக்கும்போது பேத்தியும் அத்தையும் கொட்டகைக்குள் இருக்கக் கூடாது. எண்ணெயில் சேர்ப்பது காஸ்டிக் சோடாக் கரைசல். தெறித்தால் தோல் வெந்துவிடும். கரைசலைப் படமெடுப்பதற்கு முன்பே, வழக்கம்போல் தண்ணீரில் சோடாவைப் போட்டு (சோடாவில் தண்ணீரை ஊற்றி அல்ல) ஆறவைத்திருக்க வேண்டும். அக்கா கையுறையோடும் கண்ணாடியோடும்தான் ஊற்ற வேண்டும். “வெறுங்கை அழகாக இருக்கும்” என்று ஒளிப்பதிவாளர் சொல்வார் என்று தெரியும். கூடாது. காட்சி 6இல் பேத்தி கை நீட்டும் “புதிய” தட்டில் இருப்பவையும் ஐந்து வாரம் ஆனவையாகவே இருக்கட்டும். குழந்தை தொட்டுவிட்டால் பயமில்லை.

அக்கா எழுதி அனுப்பிய மூன்று வாசகங்கள் ஏன் இல்லை

“ரசாயனம் இல்லாத சோப்பு”: காஸ்டிக் சோடா இல்லாமல் சோப்பே கிடையாது. எண்ணெயோடு வினைபுரிந்து அது சோப்பாகவும் கிளிசரினாகவும் மாறிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் அதை விளக்க 30 நொடி போதாது. விளக்காமல் சொன்னால் பொய். கொட்டகையில் சோடா டப்பாவைப் பார்த்த ஒரு வாடிக்கையாளர் கேட்டால் அக்காதானே பதில் சொல்ல வேண்டும்?

“வெண்புள்ளி, படை நீங்கும்”: சோப்பு மருந்தல்ல. சில நோய்களைக் குணப்படுத்துவதாக விளம்பரம் செய்வதையே 1954ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. வெண்புள்ளி அந்தப் பட்டியலிலேயே இருக்கிறது. இந்த வரி வந்தால் வழக்கு நம் வீட்டு வாசலுக்கு வரும்.

“நிறம் கூடும்”: இதற்குச் சட்டம் வரைக்கும் போக வேண்டியதில்லை, எனக்கே எழுத மனமில்லை. கருத்த நிறத்தைக் குறையாகக் காட்டக் கூடாது என்று விளம்பரத் தரக் கவுன்சிலும் 2014இலேயே நெறிமுறை வகுத்துவிட்டது. அத்தையின் கை அழகான கை. நுரை அதன்மேல் பளிச்சென்று தெரியும், வெளிச்சத்தைக் கூட்டி வெளுக்க வைக்காதீர்கள்.

உறையை அருகில் காட்டும்போது உரிம எண்ணும் தொகுதி எண்ணும் தெரிந்தால் தெரியட்டும். வீட்டுத் தொழில் என்றாலும் அழகுசாதன உரிமம் வாங்கித்தான் விற்கிறோம்; மங்கலாக்கினால் ஏதோ ஒளிப்பதாகத் தோன்றும்.

கைப்பேசிக்கான மாற்றம்

நெடுக்குச் சட்டகத்துக்கு ஏற்றபடி காட்சி 3ஐயும் 6ஐயும் தனியாக ஒரு முறை எடுக்க வேண்டும். ஜன்னலும் காலண்டரும் மேலும் கீழுமாக அமையட்டும். ஒலியை அணைத்துப் பார்ப்பவர்களுக்காக வசனங்கள் திரையில் பெரிய எழுத்தில் வரும். காட்சி 4இல் செம்பின் ஓசையைக் காதால் கேட்க முடியாது என்பதால், படிக்கட்டில் செம்பு இறங்குவதையே காட்டிவிடலாம். கையில் இருக்கும் கைப்பேசியைக் கொண்டே அதன் திரையிலுள்ள கியூஆரைப் படம்பிடிப்பது தொல்லை. ஆகவே அந்தப் பிரதியில் சதுரத்தை எடுத்துவிட்டு, பதிவின் கீழே வாட்ஸ்அப் இணைப்பைப் போடுவோம்.

10 நொடிச் சுருக்கம்

(0–3) அறுக்கும் கம்பி. அத்தை: ஆகிவிட்டதா கண்ணு? அக்கா: இன்னும் இல்லைங்க அத்தை.
(3–6) தட்டில் ஜூன் 1, சுவரில் ஜூலை 13. “டக்”. அத்தையின் கைகளில் நுரை.
(6–10) நிறைவு அட்டை. குரல்: ஆறு வாரம் காய்ந்த தேங்காய் எண்ணெய்ச் சோப்பு. காங்கேயம்.

படப்பிடிப்பு ஞாயிறு காலை ஏழு மணிக்கு. பத்து மணிக்குள் தொட்டிப் பக்கத்துக் காட்சியை முடித்துவிட வேண்டும். அதற்குப் பிறகு வெயில் நேராக விழுந்து நுரை வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அத்தையிடம் அன்று காலையில் சோப்புப் போட்டுக் குளிக்க வேண்டாம் என்று மட்டும் இப்போதே சொல்லி வையுங்கள். ஆறு வாரம் காத்திருந்தவராக அவர் அந்தச் சோப்பை முதல் முறை முகரும் முகம் எனக்கு வேண்டும்.