தண்டுத் துளைப்பான் பேச்சைக் கேட்டவர்களுக்கு ஏழு கேள்விகள்

நாகலூர், சேர்வராயன் மலை
14 செப்டம்பர் 2025, ஞாயிறு

ஐயா, அம்மா, வணக்கம்.

ஒரு மணி பத்து நிமிடம் பொறுமையாக உட்கார்ந்து கேட்டீர்கள். இன்னும் ஐந்து நிமிடம் மட்டும் கொடுங்கள். டீ கொதித்துக்கொண்டிருக்கிறது, வடையும் வந்துவிட்டது. எழுதிக்கொண்டே சாப்பிடலாம், தாளில் எண்ணெய் பட்டாலும் பரவாயில்லை.

இதே பேச்சை அக்டோபர் 5ஆம் தேதி மஞ்சக்குட்டையில் பேசப் போகிறேன். காபித் தண்டைத் துளைக்கும் போரர் வண்டு வெளியே வந்து பறக்கும் இரண்டாவது பருவம் அக்டோபரில் தொடங்கிவிடும், அதனால் தேதியைத் தள்ளிப்போட வழியில்லை. பேச்சைத் திருத்த எனக்கு இருப்பது மூன்று வாரம். எந்த இடத்தைத் திருத்துவது என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

ஜூன் மாதம் வெள்ளக்கடையில் பேசியபோதும் ஒரு தாள் கொடுத்தேன். ‘பேச்சு எப்படி இருந்தது? மிக நன்று, நன்று, சுமார்’ என்று கேட்டிருந்தேன். முப்பத்தெட்டுத் தாள் திரும்பி வந்தது. முப்பத்தேழில் ‘மிக நன்று’. மீதி ஒருவர் ‘சுமார்’ என்று குறித்து, பிறகு மனம் கேட்காமல் அதை அடித்துவிட்டு ‘நன்று’ ஆக்கியிருந்தார். மலையேறி வந்து பேசியவனை எப்படிக் குறை சொல்வது என்று நினைத்திருப்பார், பாவம்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பக்கம் போனபோது, ஒரு தோட்டத்தில் காபிச் செடிகளின் தண்டை அரிவாளால் சுரண்டி, பச்சை தெரியும்வரை பட்டையை உரித்து வைத்திருந்தார்கள். “நீங்கதானே சார் தேய்க்கச் சொன்னீங்க?” என்றார் தோட்டத்துப் பெரியவர். அவர் மேல் தப்பில்லை. தேங்காய் நார்க் கையுறையோ சாக்குத் துணியோ வைத்து, மேலே உதிரும் காய்ந்த பட்டையை மட்டும் தேய்க்க வேண்டும் என்பதை அன்று ஒரே ஒரு வாக்கியத்தில் முடித்திருந்தேன். அதுவும் எல்லோரும் எழுந்து செருப்பு தேடிக்கொண்டிருந்த நேரத்தில்.

அதனால் இந்தத் தாளில் ‘மிக நன்று’ கிடையாது. மார்க் போடும் வேலையும் இல்லை. பெயர் எழுத வேண்டாம். எழுதச் சிரமமாக இருந்தால் வாசலில் பச்சைச் சட்டையில் நிற்கும் தம்பியிடமோ அவன் பக்கத்தில் இருக்கும் தங்கையிடமோ சொல்லுங்கள், எழுதித் தருவார்கள். இடம் போதவில்லை என்றால் தாளின் பின்பக்கம் முழுதும் உங்களுடையது.

1. காபித் தோட்டத்தில் உங்கள் வேலை எது?

☐ சொந்தத் தோட்டம், இரண்டு ஏக்கருக்குள்
☐ சொந்தத் தோட்டம், அதற்கு மேல்
☐ கூலிக்குப் போகிறேன்
☐ மேஸ்திரி அல்லது மேற்பார்வை
☐ காபி இல்லை, சும்மா கேட்க வந்தேன்

(கூலிக்குப் போகிறவருக்கும் தோட்டக்காரருக்கும் ஒரே இடத்தில் சந்தேகம் வருவதில்லை. அதற்காகத்தான் இந்தக் கேள்வி.)

2. போரர் விழுந்த செடியை எப்படிக் கண்டுபிடிப்பீர்கள்? பலகையைப் பார்க்காமல், பக்கத்தில் இருப்பவரைக் கேட்காமல், இரண்டு அடையாளம் எழுதுங்கள்.

இது உங்களுக்குப் பரீட்சை இல்லை, எனக்குத்தான். இந்த ஒரு கேள்விக்குப் பாதிப் பேர் திணறினால் என் முதல் இருபது நிமிடம் வீண் என்று அர்த்தம். தெரியவில்லை என்றால் ‘தெரியவில்லை’ என்றே எழுதுங்கள், ஊகித்து எழுத வேண்டாம்.

3. பேச்சில் எந்த இடத்தில் தடுமாறினீர்கள், அல்லது கவனம் வேறெங்கோ போய்விட்டது? ஒன்றை மட்டும் சுழியுங்கள்.

அ. வண்டு முட்டையிடுவது, புழு தண்டுக்குள் போவது
ஆ. செடி செடியாகப் பார்த்து அடையாளம் வைப்பது
இ. பட்டை தேய்ப்பது
ஈ. சுண்ணாம்புக் கரைசல் அளவு
உ. இனக்கவர்ச்சிப் பொறி, ஏக்கருக்குப் பத்து
ஊ. விழுந்த செடியைப் பிடுங்கி எரிப்பது
எ. நிழல் மரத்தை எவ்வளவு கழிப்பது
ஏ. எங்கும் தடுமாறவில்லை

சுழித்த இடத்தில் நான் சொன்ன எந்த வார்த்தை புரியவில்லை என்று நினைவிருந்தால் அதையும் எழுதுங்கள். ஜூனில் ‘பத்து சதவீதச் சுண்ணாம்பு’ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். “சதவீதத்தை எந்தப் பக்கெட்டுல அளக்கறது?” என்று ஒரு அம்மா கேட்ட பிறகுதான் இன்று ‘15 லிட்டர் பக்கெட் தண்ணீருக்கு ஒன்றரைக் கிலோ சுண்ணாம்பு’ என்று மாற்றிச் சொன்னேன். அந்த மாதிரி ஒரு கேள்வி கிடைத்தால் போதும், இவ்வளவு தாளும் அச்சடித்ததற்குப் பலன் வந்துவிடும்.

4. இந்த மாதம் முடிவதற்குள் இவற்றில் எதை நிச்சயமாகச் செய்வீர்கள்?

☐ தோட்டம் முழுக்க நடந்து, விழுந்த செடிக்கு அடையாளம் வைப்பது
☐ அடையாளம் வைத்ததைப் பிடுங்கி எரிப்பது
☐ பட்டை தேய்ப்பது
☐ தண்டிலும் தடித்த கிளையிலும் சுண்ணாம்பு பூசுவது
☐ பொறி வாங்கி மாட்டுவது
☐ இப்போதைக்கு எதுவும் இல்லை

செய்ய மாட்டேன் என்று நினைப்பதற்கு எது காரணம்? எத்தனை வேண்டுமானாலும் குறிக்கலாம்.

☐ ஆள் கிடைப்பதில்லை
☐ கூலி கட்டுபடியாகாது
☐ பூசிய மறுநாளே மழை கழுவிவிடும் என்ற பயம்
☐ காய்க்கிற செடியைப் பிடுங்க மனசு வரவில்லை
☐ பக்கத்துத் தோட்டக்காரர் செய்யாதவரை நான் மட்டும் செய்து என்ன பயன்
☐ முடிவெடுப்பது நான் இல்லை
☐ நீங்கள் சொன்னதில் நம்பிக்கை வரவில்லை

கடைசிக் கட்டத்தைக் குறித்தால் ஒரு வரியாவது எழுதுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன், யார் என்று எனக்குத் தெரியவும் தெரியாது. பிடுங்க மனசு வராதது எனக்கும் புரியும். என் தோட்டத்தில் அப்பா நட்ட வரிசையில் நாற்பது செடி போயிற்று. ஆனால் உள்ளே புழு இருக்கும் செடியை விட்டுவைத்தால் அதிலிருந்து வெளிவரும் வண்டு பக்கத்துச் செடியில்தான் போய் முட்டையிடும். இதை இன்று அழுத்திச் சொன்னேனா இல்லையா என்பதே இப்போது எனக்கு நினைவில்லை. நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

5. மஞ்சக்குட்டையில் ஐம்பது நிமிடம்தான் கிடைக்கும். எதை வெட்டலாம்?

‘எதையும் வெட்ட வேண்டாம்’ என்ற பதிலை ஏற்றுக்கொள்ள மாட்டேன். இருபது நிமிடம் போய்த்தான் ஆக வேண்டும். காபி இந்த மலைக்கு வந்த கதையைச் சொன்னேனே, அதுதான் என் பட்டியலில் முதலில் இருக்கிறது. வேண்டும் என்பவர்கள் இங்கே எழுதிக் காப்பாற்றுங்கள்.

6. கடைசி வரிசையிலிருந்து திரையில் இருந்த படம் தெரிந்ததா? குரல் கேட்டதா?

முன்வரிசையில் உட்கார்ந்தவர்கள் இதை விட்டுவிடலாம்.

7. கேட்க நினைத்து, கூட்டத்தில் கேட்காமல் விட்ட கேள்வி என்ன?

சின்னக் கேள்வி என்று நினைத்து விட்டதைத்தான் எழுத வேண்டும். பதிலை மஞ்சக்குட்டைப் பேச்சில் சேர்ப்பேன். உங்களுக்கும் பதில் வேண்டுமே, அதனால் எல்லாக் கேள்விக்கும் பதில் எழுதி இதே மண்டபச் சுவரில் அடுத்த ஞாயிறு, 21ஆம் தேதி ஒட்டிவைப்பேன்.

தாளை இரண்டாக மடித்து, வாசலில் இருக்கும் பிஸ்கட் டின்னில் போட்டுவிடுங்கள். டின்னுக்குப் பக்கத்தில் மஞ்சள் சீட்டு இருக்கும். நவம்பரில் நான் போன் செய்து ‘என்ன செய்தீர்கள், என்ன செய்ய முடியவில்லை’ என்று கேட்டால் பரவாயில்லை என்பவர்கள் மட்டும் அதில் நம்பர் எழுதி, தனி டப்பாவில் போடுங்கள். இந்தத் தாளோடு சேர்த்து மடிக்க வேண்டாம். இன்று எழுதுவது நினைப்பு, நவம்பரில் சொல்வது நடந்தது. எனக்கு இரண்டும் வேண்டும்.

---

தனித் தாள்: எழுதித் தரும் தம்பிக்கும் தங்கைக்கும் மட்டும்

கேள்வியை அச்சில் உள்ளபடி வாசியுங்கள். விளக்கம் கேட்டால் இன்னொரு தடவை வாசியுங்கள், உதாரணம் சொல்ல வேண்டாம். நீங்கள் உதாரணம் சொன்னால் அதுவே பதிலாக வந்துவிடும்.

அவர்கள் வார்த்தையிலேயே எழுதுங்கள். ‘தண்டுல நரம்பு பொடச்ச மாதிரி இருக்கும்’ என்று ஒருவர் சொன்னால் அப்படியே எழுத வேண்டும். அதை ‘பட்டையில் மேடுகள் காணப்படும்’ என்று திருத்தினால் எனக்கு நஷ்டம். படத்தைக் காட்டி நான் பத்து நிமிடம் விளக்கியதை அவர் ஐந்து வார்த்தையில் சொல்லிவிட்டார், அடுத்த தடவை நானும் அப்படித்தான் சொல்வேன்.

இரண்டாம் கேள்விக்குத் தப்பான பதில் வந்தால் முகத்தில் காட்டாதீர்கள். எழுதி, மடித்து, டின்னில் போட்ட பிறகு சரியானதைச் சொல்லுங்கள்: தண்டில் வரிவரியாகப் புடைப்பு, இலை மஞ்சளாகி வாடுவது, வண்டு வெளியே போன துளை. தெரியாமலே வீட்டுக்குப் போகக் கூடாது.

“எல்லாம் நல்லா இருந்துச்சுப்பா, நீயே எதாவது எழுதிக்கோ” என்று நிறையப் பேர் சொல்வார்கள். அப்போது ஏழு கேள்வியையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் கேளுங்கள்: “நாளைக்குக் காலையில தோட்டத்துக்குப் போனா முதல்ல என்ன பண்ணுவீங்க?” வரும் பதிலைத் தாளின் தலையில் எழுதி, அடியில் ஒரு கோடு போடுங்கள்.

கூலிக்கு வந்த அம்மாக்கள் மேஸ்திரி பக்கத்தில் இருந்தால் வாய் திறக்க மாட்டார்கள். அவருக்கு முதலில் டீ கொடுத்து வெளியே திண்ணையில் உட்காரவையுங்கள். நானும் அங்கேதான் இருப்பேன், எழுதி முடிக்கும்வரை உள்ளே வர மாட்டேன்.

ஒன்றேகால் பஸ்ஸுக்கு முக்கால்வாசிப் பேர் கிளம்பிவிடுவார்கள். ஒரு மணிக்கு டின்னை மூடி நாடா கட்டிவிடுங்கள். மஞ்சள் சீட்டு டப்பாவைத் தங்கை எடுத்துக்கொள்ளட்டும், டின் என்னிடம் வரட்டும். இரண்டும் ஒரே பையில் போக வேண்டாம்.