துணிக்கடை பில்லிங்: போர்டு நிலவரம், 12 செப்டம்பர் 2025, வெள்ளி

சுந்தர் சார்,

காலை ஸ்டாண்டப் முடிந்ததும் 10.40க்கு எடுத்த போர்டு ஸ்கிரீன்ஷாட்டை இணைத்திருக்கிறேன். போனில் திறந்தால் கார்டு எழுத்து ஒன்றும் படிக்க முடியாது. அதனால் யார் கையில் எது இருக்கிறது, எந்தக் கட்டத்தில் நிற்கிறது என்று கீழே எழுதிவிட்டேன்.

முதலில் நீங்கள் கேட்டதற்குப் பதில்: 22ஆம் தேதி காலை கடை திறக்கும்போது புது ஜிஎஸ்டி விகிதத்தில் பில் போட முடியும். ஆனால் POS-114 திங்கள் மாலைக்குள் டெஸ்டிங்குக்கு வந்தாக வேண்டும். இப்போதைக்கு வரும் என்று அடித்துச் சொல்ல முடியவில்லை. காரணம் கார்த்திக் பகுதியில் இருக்கிறது.

எண்ணிக்கை: எடுக்காதவை 4, வேலை நடப்பவை 5, ரிவ்யூ 3, டெஸ்டிங் 3, முடிந்தவை 6. மொத்தம் 21. 'வேலை நடப்பவை'க்கு நாம் வைத்த வரம்பு 4, அதனால் அந்தத் தலைப்பு சிவப்பாக இருக்கிறது. 'முடிந்தவை'யில் கடைசி இரண்டு கார்டு படத்தின் அடியில் வெட்டுப்பட்டுவிட்டன. கீழே 19 கார்டுக்குத்தான் கணக்கு.

கார்த்திக் (4 கார்டு)

வேலை நடப்பவை: POS-114, POS-121.

POS-114 என்பது புது விகித அட்டவணை. ரெடிமேடு உடைக்கு இதுவரை 1,000 ரூபாய் வரை 5%, அதற்கு மேல் 12%. 22ஆம் தேதி முதல் 2,500 வரை 5%, அதற்கு மேல் 18%. கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நேற்று தேவி பாதி பில்டை ஓட்டிப் பார்த்தபோது 3,200 ரூபாய் பட்டுச் சேலைக்கு 18% விழுந்தது. சேலை துணிக் கணக்கு, அதற்கு இந்த விலை வரம்பு கிடையாது, 5%தான். கடையின் ஐட்டம் மாஸ்டரில் சேலையையும் சுடிதார் செட்டையும் 'லேடீஸ்' என்று ஒரே குழுவில் போட்டு வைத்திருக்கிறார்கள். HSN எண் பார்த்துப் பிரித்துக்கொண்டிருக்கிறார் கார்த்திக். கார்டு ஆறு நாளாக அதே கட்டத்தில் நிற்பது இதனால்தான், சும்மா கிடக்கவில்லை.

POS-121 தள்ளுபடிக் கணக்கு. வரிக்கு முந்தைய விலை 2,800 உள்ள சட்டைக்கு 15% தள்ளுபடி போனால் 2,380. விற்கும் விலை வரம்புக்குள் வந்துவிட்டதால் 5%, அதாவது 119 ரூபாய் வரி. இப்போதுள்ள கோடு தள்ளுபடிக்கு முன்பே விகிதத்தை எடுத்துவிடுகிறது; 18% போட்டு 428.40 வாங்கும். தீபாவளித் தள்ளுபடி தொடங்கினால் கவுன்டரில் சண்டைதான். 114 முடியாமல் இதை முடிக்க முடியாது.

ரிவ்யூ: POS-109, இ-இன்வாய்ஸ் ரத்து. 24 மணி நேரம் தாண்டினால் ரத்து பட்டன் மறைந்து கிரெடிட் நோட்டுக்குப் போக வேண்டும். நித்யா பார்க்க வேண்டும், மூன்று நாளாகக் காத்திருக்கிறது.

முடிந்தது: POS-101, ஆறு இலக்க HSN.

நித்யா (3 கார்டு)

வேலை நடப்பது: POS-118, பார்கோடு லேபிள். 50×25 மிமீ ஸ்டிக்கரில் மூன்றாவது வரி அடுத்த ஸ்டிக்கருக்கு வழிகிறது. காந்திபுரம் கடை பிரின்டரில் மட்டும்தான். மற்ற இரண்டு கிளையிலும் சரியாக வருகிறது. இன்று மாலைக்குள் முடியும் என்கிறார்.

ரிவ்யூ: POS-111, திரும்ப வரும் துணி. 21ஆம் தேதி வரை 12% போட்டு விற்ற சட்டை 25ஆம் தேதி திரும்பி வந்தாலும் கிரெடிட் நோட்டில் அதே 12% இருக்க வேண்டும். கோடு தயார். பார்க்க வேண்டியவர் கார்த்திக்.

முடிந்தது: POS-105.

இவர் கோடை அவரும் அவர் கோடை இவரும் பார்க்க வேண்டியிருக்க, இருவருமே சொந்த வேலையில் மூழ்கியிருக்கிறார்கள். ரிவ்யூ தேங்குவது அதனால்தான்.

ஷேக் (4 கார்டு)

வேலை நடப்பவை: POS-119, POS-123. POS-119 (கவுன்டர் திரையில் யுபிஐ க்யூஆர்) மேல் சிவப்புக் கொடி இருக்கிறது. வங்கி தர வேண்டிய டெஸ்ட் கீ வரவில்லை. இரண்டு முறை மெயில் போட்டாயிற்று. இது 22ஆம் தேதிக்குத் தேவையில்லை, தீபாவளிக்கு முன் (அக்டோபர் 20) வந்தால் போதும். POS-123, நாள் முடிவு கல்லாக் கணக்கு, நன்றாகவே போகிறது.

எடுக்காதது: POS-127, பாதி ரொக்கம் பாதி கார்டு. முடிந்தது: POS-104.

தேவி (4 கார்டு)

டெஸ்டிங்: POS-107, POS-112, POS-115. முதல் இரண்டும் இன்று பாஸ் ஆகிவிடும். POS-115 தமிழ் பில். 80 மிமீ பிரின்டரில் 'கொ' வரும் இடமெல்லாம் கொம்பு தனியாக, கால் தனியாகச் சிதறி அச்சாகிறது. எழுத்தாக அனுப்பாமல் வரியைப் படமாக்கி அனுப்பினால் சரியாகிறது, ஆனால் பில் வர நேரம் பிடிக்கிறது. திங்கள் முதல் தேவியின் நேரம் முழுக்க 114க்கு வேண்டும். அதனால் இதைத் தள்ளிவைக்கலாம் என்பது என் கருத்து.

முடிந்தது: POS-102.

நிவேதா பெயரில் (1 கார்டு)

ரிவ்யூ: POS-116, ஜிஎஸ்டிஆர்-1 எக்ஸ்போர்ட். படத்தில் 'நி' என்ற வட்டத்தைப் பார்த்து முதலில் நித்யா கணக்கில் சேர்த்துவிட்டேன். வட்டம் பச்சையாக இருந்ததால் கேட்டேன், நித்யாவுக்கு நீலம். நிவேதா ஆகஸ்ட் கடைசியிலேயே வேறு டீமுக்குப் போய்விட்டார். அன்றிலிருந்து இந்தக் கார்டை யாரும் தொடவில்லை.

ஆள் இல்லாதவை (3 கார்டு, எல்லாம் எடுக்காதவை)

POS-125, POS-128, POS-130. இதில் 125ஐத்தான் கவனிக்க வேண்டும்: பழைய பில்லை மறுபடி அச்சடித்தால் பழைய விகிதமே வர வேண்டும். 22ஆம் தேதிக்குள் இது இல்லாவிட்டால், போன மாத பில் காப்பி கேட்பவருக்குப் புது வரியோடு ஒரு தாள் போகும். 128 ஊழியர் கமிஷன், அவசரமில்லை. 130இன் தலைப்பு "திருப்பூர் கிளை ஸ்டாக் …" என்று பாதியில் நிற்கிறது. போட்டவர் யார் என்று விசாரிக்கிறேன்.

இன்று மாலைக்குள் உங்களிடமிருந்து வேண்டியவை:

1. POS-109, POS-111 இரண்டையும் இந்த ஒரு முறை ஷேக் ரிவ்யூ செய்யலாமா? வங்கி கீ வரும்வரை அவருக்கு நேரம் இருக்கிறது.
2. POS-125ஐ நித்யாவுக்கும், POS-116ஐ ஷேக்குக்கும் மாற்றலாமா?
3. POS-115ஐ 22க்குப் பிறகு என்று கடைக்காரரிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். தமிழ் பில் அவர் ஆசைப்பட்டுக் கேட்டது, நான் சொன்னால் ஏற்க மாட்டார்.

புது பில்ட் 21ஆம் தேதி ஞாயிறு இரவு கடை சாத்திய பிறகு மூன்று கிளையிலும் ஏறும். மறுநாளே நவராத்திரி தொடங்குவதால் காலையில் காந்திபுரத்தில் நம் ஆள் ஒருவர் நிற்க வேண்டும். நான் போகிறேன்.

அடுத்த நிலவரம் திங்கள் 11 மணிக்கு. அப்போது முழு போர்டும் தெரிகிற மாதிரி படம் எடுக்கிறேன்.

வசந்தி