வெப்சைட் வேலையை மூன்று கட்டமாகப் பிரிப்பது பற்றி

வணக்கம் அண்ணாச்சி,

செவ்வாய்க்கிழமை கடையில் வைத்து நீங்களும் மகளும் எழுதிக் கொடுத்த பட்டியலை இரண்டு நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். மொத்தம் பதினொரு வசதிகள். ஒன்றுகூடத் தேவையில்லாதது என்று சொல்ல மாட்டேன். ஆனால் பதினொன்றையும் ஓணத்துக்கு முன்னால் ஒரே நாளில் திறந்துவிட வேண்டும் என்று கேட்டீர்கள். அது வேண்டாம் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதி விட்டுப்போகும், மகனுக்கும் துபாய்க்கு அனுப்ப வசதியாக இருக்கும் என்று எழுத்தில் தருகிறேன்.

முதலில் தேதியைச் சொல்லிவிடுகிறேன். முதல் கட்டம் ஜூலை 20, திங்கள். இரண்டாம் கட்டம் செப்டம்பர் 28. மூன்றாம் கட்டம் பொங்கல் கழிந்து ஜனவரி 18. மூன்றுமே திங்கட்கிழமை என்று கவனித்திருப்பீர்கள். சனிக்கிழமை திறந்து, ராத்திரி ஏதாவது மக்கர் செய்தால் ஞாயிறு பேங்கும் கிடையாது, ஆன்லைனில் பணம் வாங்கித் தரும் பேமென்ட் கேட்வே ஆட்களையும் பிடிக்க முடியாது. திங்கள் என்றால் ஐந்து நாள் கையில் இருக்கிறது.

ஜூலை 20 அன்று என்னென்ன இருக்கும்? தேன், நேந்திரங்காய் சிப்ஸ், சர்க்கரை வரட்டி, முந்திரிக்கொத்து, கருப்பட்டி, கிராம்பு, நல்லமிளகு எல்லாம் படத்தோடும் விலையோடும் இருக்கும். வாங்குகிறவர் யூபிஐயிலோ கார்டிலோ பணம் கட்டலாம். ஆர்டர் வந்த உடனே உங்கள் போனுக்கும் வாங்கினவர் போனுக்கும் மெசேஜ் போகும். தமிழ்நாட்டுக்கும் கேரளாவுக்கும் மட்டும் டெலிவரி. தமிழ், ஆங்கிலம் இரண்டு மொழி. அவ்வளவுதான்.

இது சின்ன வேலை மாதிரித் தெரியும். ஆனால் பணம் வாங்குகிற இடம்தான் எல்லாவற்றிலும் கனமானது. ஒரு ஆள் தக்கலையில் பஸ்ஸில் உட்கார்ந்து 1,240 ரூபாய்க்கு ஆர்டர் போடுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். யூபிஐ பின் அடித்துவிட்டார், கணக்கிலிருந்து பணம் போய்விட்டது, அந்த நேரம் பார்த்து சிக்னல் போய்விட்டது. அவர் போனில் வெப்சைட்டின் கடைசிப் பக்கம் வரவே இல்லை. அவருக்குப் பணம் போனது தெரியும், ஆர்டர் விழுந்ததா என்று தெரியாது. அவர் போனை நம்பி இருந்தால் நமக்கும் தெரியாது. அதனால் பேமென்ட் கேட்வே நேராக நம் சர்வருக்கு "இந்தப் பணம் வந்துவிட்டது" என்று தனியாக ஒரு தகவல் அனுப்பும். அந்தத் தகவல் சில நேரம் இரண்டு தடவை வரும். இரண்டு தடவை வந்தாலும் ஒரு ஆர்டராகத்தான் பதிவாக வேண்டும், இல்லையென்றால் ஒரு பார்சலுக்கு இரண்டு பார்சல் கட்டி அனுப்பிவிடுவீர்கள். பணம் போய் ஆர்டர் விழாதது, ஆர்டர் விழுந்து பணம் வராதது, பாதியில் திரும்பப் போனது என்று ஒவ்வொன்றையும் உண்மையான பணம் போட்டும் சோதித்துப் பார்க்க வேண்டும். இதற்கு மட்டும் எனக்கு முழுசாக ஒரு வாரம் வேண்டும். பதினொரு வசதியையும் சேர்த்துச் செய்தால் இந்த ஒரு வாரத்தைத்தான் வெட்ட வேண்டி வரும். அதை நான் செய்ய மாட்டேன்.

அடுத்தது பார்சல் விஷயம். பட்டியலில் "இந்தியா முழுவதும் ஒரே டெலிவரி கட்டணம்" என்று இருக்கிறது. தேனுக்கு அது சரி, சின்ன இடத்தில் நல்ல கனம். சிப்ஸ் அப்படியில்லை. போன வாரம் உங்கள் கடையில் கட்டி வைத்திருந்த பெட்டியை அளந்து பார்த்தேன். 40 சென்டிமீட்டர் நீளம், 30 அகலம், 30 உயரம். உள்ளே மூன்று கிலோ சிப்ஸ். பல கூரியர்காரர்கள் மூன்றையும் பெருக்கி 5,000-ஆல் வகுத்து, அதையும் எடையாகக் கணக்குப் போடுவார்கள். அப்படிப் பார்த்தால் இந்தப் பெட்டி 7.2 கிலோ. இரண்டில் எது கூடுதலோ அதற்குத்தான் பில். கிலோவுக்கு 60 ரூபாய் என்று வைத்தால், நாம் வாங்கினவரிடம் 180 ரூபாய் வாங்கியிருப்போம், கூரியருக்கு 432 ரூபாய் கட்டுவோம். ஒரு பெட்டிக்கு 252 ரூபாய் கையை விட்டுப் போகிறது. ஓணத்துக்கு நூறு பெட்டி போனால் 25,200 ரூபாய். விற்க விற்க நஷ்டம். முதல் கட்டத்தில் இரண்டு மாநிலத்தோடு நிறுத்தினால், எந்தப் பெட்டிக்கு உண்மையில் எவ்வளவு செலவாகிறது என்று ஒரே மாதத்தில் தெரிந்துவிடும். அதை வைத்து டெல்லிக்கும் மும்பைக்கும் சரியான கட்டணம் போடலாம்.

கடை பில்லிங்கோடு வெப்சைட் சரக்கை இணைப்பது உங்களுக்கு ரொம்ப முக்கியம் என்று தெரியும். நீங்கள் மூன்று முறை சொன்னீர்கள். அதை ஏன் இரண்டாம் கட்டத்துக்குத் தள்ளுகிறேன் என்றால், சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் பில்லிங் மேசைக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்று பார்த்தேன். அக்கா சிப்ஸைத் தராசில் போட்டு, "சிப்ஸ்" என்ற ஒரே பேரில் எடையைத் தட்டுகிறார். 250 கிராமும் அதே பேர்தான், மூன்று கிலோவும் அதே பேர்தான். வெப்சைட்டில் 250 கிராம், 500 கிராம், ஒரு கிலோ என்று தனித்தனிப் பாக்கெட். இந்த இரண்டையும் இப்போது இணைத்தால், எத்தனை பாக்கெட் மீதி இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்குத் தெரிய வழியே இல்லை. தேன் பில்லிங்கில் மூன்று விதமான பேரில் இருக்கிறது, ஒன்று ஆங்கிலத்தில், இரண்டு தமிழில். அக்கா மேல் தப்பே இல்லை. கூட்டத்தில் வேகமாகப் பில் போட அந்த முறைதான் வசதி. முதலில் ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் தனி கோடு நம்பர் கொடுத்து, அக்காவுக்கு அது பழக வேண்டும். அதை ஓணக் கூட்டத்தில் பழக்க முடியாது.

அதுவரைக்கும் ஒரு வழி சொல்கிறேன். உள்ளே கருப்பட்டி வைத்திருக்கும் அலமாரிக்குக் கீழே இரண்டு தட்டு காலியாக இருக்கிறது. வெப்சைட்டுக்கான சரக்கை அங்கே தனியாக வையுங்கள். அதில் இருபது பாட்டில் தேன் இருந்தால் வெப்சைட்டிலும் இருபதுதான். கவுண்டரில் எவ்வளவு விற்றாலும் இதைத் தொட வேண்டாம். ராத்திரி கடை அடைக்கும்போது மகள் ஐந்து நிமிடம் எண்ணி, போனிலேயே திருத்திவிடலாம். இல்லாத சரக்கை விற்றுவிட்டு மன்னிப்புக் கேட்கும் நிலை வராது.

இரண்டாம் கட்டத்தில் இந்த இணைப்போடு மலையாளமும், கூப்பன் கோடும், இந்தியா முழுவதும் டெலிவரியும் வரும். மலையாளத்தை ஓணத்துக்கே கேட்டீர்கள், நியாயம்தான். பாறசாலை, நெய்யாற்றின்கரையிலிருந்து உங்களிடம் எவ்வளவு பேர் வருகிறார்கள் என்று நானே பார்த்திருக்கிறேன். ஆனால் மெஷினில் போட்டு மொழிபெயர்த்த மலையாளத்தைப் போட எனக்கு மனசில்லை. சிப்ஸை அவர்கள் உப்பேரி என்பார்கள். அந்த வார்த்தை இல்லாத பக்கம் அவர்களுக்கு நம் பக்கமாகத் தெரியாது. அதனால் ஒரு சின்ன ஏற்பாடு: ஜூலையிலேயே முகப்பில் ஒரு ஓணப் பக்கம் மட்டும் மலையாளத்தில் நல்ல ஆளைக் கொண்டு எழுதிப் போட்டுவிடுவோம். வெப்சைட்டில் தேடுகிற இடத்தில் வாங்குகிறவர்கள் என்ன வார்த்தை தட்டுகிறார்கள் என்பதும் பதிவாகும். அதைப் பார்த்து மற்றப் பக்கங்களை எழுதினால் சரியாக வரும்.

அக்டோபர் 20-க்கு அப்புறம் கிறிஸ்துமஸ் முடியும் வரை வெப்சைட்டில் புதிதாக எதையும் தொட மாட்டேன், பழுது பார்ப்பது மட்டும்தான். தீபாவளியும், வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் ஊருக்கு வரும் கிறிஸ்துமஸும் உங்களுக்கு எப்படிப்பட்ட சீசன் என்று தெரியும்.

இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. சில வருடத்துக்கு முன்னால் வேறொரு கடைக்கு, தீபாவளிக்கு நான்கு நாள் முன்பு, எட்டு மாற்றங்களை ஒரே ராத்திரியில் ஏற்றினேன். அவர்கள் கேட்டார்கள், நானும் சரி என்றேன். மறுநாள் காலையில் ஏற்கெனவே தள்ளுபடி போட்ட விலையின் மேல் கூப்பனும் சேர்ந்து கழிந்துகொண்டிருந்தது. எட்டில் எது காரணம் என்று கண்டுபிடிக்க ஒன்றரை நாள் ஆனது. அந்த ஒன்றரை நாளும் ஆர்டரை நிறுத்தி வைக்க வேண்டியதாகிவிட்டது. ஒவ்வொன்றாக ஏற்றியிருந்தால் பத்து நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்தக் கடைக்காரரின் முகம் இன்னும் எனக்கு ஞாபகம் இருக்கிறது.

மூன்றாம் கட்டத்தில் கடைக்காரர்களுக்கான மொத்த விலையும் மொபைல் ஆப்பும். மொத்த விலையில் எனக்கு ஒரு பயம் உண்டு, மறைக்காமல் சொல்கிறேன். ஒவ்வொரு கடைக்கும் நீங்கள் வேறு வேறு விலை கொடுக்கிறீர்கள். ஒரு கடைக்காரர் இன்னொருவர் விலையை ஒரு தடவை பார்த்துவிட்டால் இத்தனை வருட உறவு கெட்டுப்போகும். யாருக்கு என்ன விலை என்பது இப்போது உங்கள் தலைக்குள்தான் இருக்கிறது. அதை நிதானமாக ஒரு நோட்டில் எழுதித் தாருங்கள், கிறிஸ்துமஸ் கழிந்து உட்காருவோம்.

ஆப் பற்றி மகனுக்கு: தனிநபர் பெயரில் புதிதாகக் கணக்குத் தொடங்கினால், ப்ளே ஸ்டோரில் விடுவதற்கு முன் குறைந்தது 12 பேர் தொடர்ந்து 14 நாள் சோதித்திருக்க வேண்டும் என்பது கூகுளின் விதி. ஓணத்துக்கு அவசரப்பட்டு அதைச் செய்யத் தேவையில்லை. வெப்சைட்டையே போனின் முகப்பில் ஒரு ஐகானாக வைத்துக்கொள்ளும் வசதியை முதல் கட்டத்திலேயே தருகிறேன். வளைகுடாவுக்கு நேரடியாக அனுப்புவதற்கு ஏற்றுமதி-இறக்குமதிக் குறியீடு எடுக்க வேண்டும், அந்த நாட்டு உணவு விதியும் பார்க்க வேண்டும். அதைப் பட்டியலில் வைத்திருக்கிறேன், தேதி போடவில்லை. பாயிண்ட் சேர்க்கும் வசதிக்கும் அப்படித்தான். எத்தனை ரூபாய்க்கு எத்தனை பாயிண்ட் என்று நீங்கள் முடிவு செய்த பிறகு தொடங்கலாம்.

பணம் விஷயம். பேசிய 1,85,000 ரூபாயில் ஒரு ரூபாய்கூட ஏறாது. முன்பணம் 40,000 தந்துவிட்டீர்கள். முதல் கட்டம் திறந்து ஒரு வாரம் ஓடிய பிறகு 55,000, இரண்டாம் கட்டத்துக்கு 50,000, மூன்றாவதற்கு 40,000. ஒவ்வொன்றும் நீங்கள் பார்த்து, சரி என்று சொன்ன பிறகுதான். வேலையை இழுத்தடிக்கிறேனோ என்று உங்களுக்குத் தோன்றக்கூடாது, அதனால்தான் இப்படிப் பிரித்தேன். நடுவில் திருப்தி இல்லையென்றால் அதுவரை செய்தது முழுவதும் உங்களுடையது, வேறு யாரிடமும் கொடுத்துத் தொடரலாம்.

வரும் வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு நான்கு விஷயம் வேண்டும். உணவுப் பாதுகாப்பு உரிமத்தின் நகல் (அந்த 14 இலக்க எண் வெப்சைட்டில் தெரிய வேண்டும்), ஜிஎஸ்டி சான்றிதழ், கடைக் கணக்கின் கேன்சல் செய்த செக் ஒன்று, பான் கார்டு நகல். பேமென்ட் கேட்வே இவற்றைச் சரிபார்த்துத்தான் அனுமதி தரும், அதன் நாள்கணக்கு என் கையில் இல்லை. உடைந்த பாட்டிலுக்குப் பணம் திரும்பத் தருவீர்களா, வேறு பாட்டில் அனுப்புவீர்களா என்பதையும் சொல்லிவிடுங்கள். அந்த விதியை எழுதிய பக்கம் இல்லாமல் கேட்வேயில் அனுமதி கிடைக்காது.

பட்டியலில் எதையாவது முன்னால் கொண்டுவர வேண்டும் என்று தோன்றினால் சொல்லுங்கள். ஆனால் ஒன்று முன்னால் வந்தால் ஒன்று பின்னால் போக வேண்டும், எது போகலாம் என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு மார்த்தாண்டம் வருகிறேன். அலமாரித் தட்டையும் பெட்டி அளவையும் அப்போதே முடிவு செய்துவிடுவோம்.

அன்புடன்,
நாகர்கோவிலிலிருந்து உங்கள் தம்பி