வெயில் எச்சரிக்கை: கொல்லை வேலைக்குப் போறவங்களுக்கு

(காலை 5.15 ஒலிபரப்பு. நாதசுரம் 10 வினாடி, மெல்லத் தாழும்)

அறிவிப்பாளர்: வணக்கம். பருத்தி எடுக்கக் கிளம்பிக்கிட்டு இருக்கவங்க, ஒரு நிமிஷம் நின்னு கேட்டுட்டுப் போங்க. தஞ்சாவூர், திருவாரூர், மயிலாடுதுறை, நாகப்பட்டினம் மாவட்டங்களுக்கு இன்னைக்கும் நாளைக்கும் வானிலை மையம் வெப்ப அலை எச்சரிக்கை குடுத்திருக்கு. தஞ்சாவூர் பக்கம் 41 டிகிரி வரைக்கும் போகலாம். அது நிழல்ல அளக்கிற கணக்கு. வெட்டவெளியில குனிஞ்சு நிக்கிறவங்க முதுகுக்கு இன்னும் கூடுதல். கிராம சுகாதார செவிலியர் அக்கா வந்திருக்காங்க. அக்கா, கத்திரி வருஷா வருஷம் வர்றதுதானே?

செவிலியர்: வர்றதுதான் தம்பி. ஆனா வேர்வை காஞ்சாத்தான் ஒடம்பு குளிரும். வேதாரண்யம், நாகப்பட்டினம் பக்கம் காத்துல ஈரம் அதிகம். வேர்வை காயாம வழியுது, சூடு உள்ளேயே தங்கிடுது. அங்க டிகிரி கொறச்சலா சொன்னாலும் அசட்டையா இருக்கக்கூடாது.

அறிவிப்பாளர்: கிலோ கணக்குல கூலி. உக்காந்தா காசு போச்சுன்னு நினைக்கிறாங்களே?

செவிலியர்: எனக்கு அதான் கவலை. யார் மொதல்ல உக்கார்றதுன்னு பார்த்துக்கிட்டே மயங்கி விழுந்துடுறாங்க. கொல்லைக்காரங்களைக் கேட்டுக்கிறேன்: பனி ஈரத்தோட பஞ்சு எடுக்கக்கூடாதுன்னு ஆளுங்களை லேட்டா இறக்காதீங்க. ரெண்டு நாளைக்கு ஈரப்பஞ்சைக் களத்துல காயவச்சுக்கலாம். விடிஞ்சதும் இறங்கி 11 மணிக்குக் கரையேறட்டும். மிச்சத்தை 4 மணிக்கு மேல எடுக்கலாம்.

அறிவிப்பாளர்: தண்ணி?

செவிலியர்: தாகம் எடுக்கட்டும்னு இருக்காதீங்க. இருபது நிமிஷத்துக்கு ஒரு டம்ளர். ஒதுங்க இடமில்லன்னு பொம்பளைங்க தண்ணி குடிக்காமலே நாளை ஓட்டுறாங்க. தாயிகளா, இந்த ரெண்டு நாள் அப்படி இருக்காதீங்க. கொல்லைக்காரங்க நாலு கீத்து கட்டி ஒரு மறைப்பு போட்டுக் குடுங்க, பெரிய செலவில்ல. நீராகாரம், உப்பு போட்ட மோர் நல்லது. உப்பு-சர்க்கரைப் பொடி துணை சுகாதார நிலையத்துல இலவசம். ஒரு பாக்கெட் முழுசையும் ஒரு லிட்டர் தண்ணியில கரைங்க. பருத்திச் சட்டை, தலையில ஈரத்துண்டு. மருந்தடிக்கிற வேலையை மத்தியானம் வச்சுக்காதீங்க.

அறிவிப்பாளர்: ஆபத்துன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

செவிலியர்: தலைவலி, கொமட்டல், கெண்டைக்கால் பிடிப்பு வந்தாலே நிழலுக்கு வந்துடணும். ஒடம்பு கொதிக்குது, பேச்சு ஒளறுது, ஆள் தள்ளாடுறாங்கன்னா அது வெப்பவாதம். வேர்வை நிக்கலாம், நிக்காமலும் இருக்கலாம். 108க்குப் போன் போடுங்க. வண்டி வர்ற வரைக்கும் சும்மா நிக்காதீங்க. துணியைத் தளர்த்தி, போர்செட்டுத் தண்ணியை மேல ஊத்தி, விசிறுங்க. கழுத்து, அக்குள்ல ஈரத்துணி வைங்க. நினைவு இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்திடாதீங்க, மூச்சுக்கொழாய்க்குள்ள போயிடும்.

அறிவிப்பாளர்: மாடு, ஆட்டையும் 11 மணிக்குள்ள நிழல்ல கட்டிடுங்க. அடுத்த எச்சரிக்கை மத்தியானம் 12.30க்கு. ரேடியோவை வரப்புக்கு எடுத்துட்டுப் போங்க.

(நாதசுரம் எழும்பி முடியும்)